ஏ.ஜி.எம். நோட்டீஸ்: 14 முழு நாட்களை எண்ணுவதும் அஜெண்டா எழுதுவதும்

கேள்வி: மும்பை செம்பூரில் 36 வீடுகள் உள்ள எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு இந்த ஆண்டுதான் செக்ரட்டரி ஆனேன். ஏ.ஜி.எம். என்னும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, போர்டிலும் ஒட்டினால் போதும் என்கிறார்கள் கமிட்டியில். நோட்டீஸ் எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும், எந்த வாசகத்தில் எழுத வேண்டும், அஜெண்டாவில் என்னென்ன வர வேண்டும்?

பதில்:

ஒரு வாரம் போதாது. மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி பைலாப்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 14 முழு நாட்கள், சிறப்புப் பொதுக்கூட்டத்துக்கு 5 முழு நாட்கள் அவகாசம் தர வேண்டும். உங்கள் சங்கம் பதிவு செய்து வைத்திருக்கும் பைலா புத்தகத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். 2014 மாதிரியைப் பல சங்கங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. சில இன்னும் பழைய புத்தகத்திலேயே ஓடுகின்றன. கீழே சொல்வது 2014 மாதிரியை வைத்து. உங்கள் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

பெரும்பாலான சங்கங்கள் தடுக்கி விழும் இடம் இந்த 'முழு நாட்கள்' கணக்குதான். நோட்டீஸ் உறுப்பினர் கைக்குப் போன நாளையும் எண்ணக் கூடாது, கூட்டம் நடக்கும் நாளையும் எண்ணக் கூடாது. இரண்டுக்கும் நடுவே 14 நாட்கள் முழுதாக இருக்க வேண்டும். நோட்டீஸின் தலையில் நீங்கள் போடும் தேதிக்கு இதில் வேலை இல்லை. தேதி ஆகஸ்ட் 28 என்று இருந்து, மூன்றாம் மாடிக்காரர் செப்டம்பர் 9 அன்று கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால், அவரைப் பொறுத்தவரை நோட்டீஸ் கொடுத்த நாள் செப்டம்பர் 9.

2025 நாட்காட்டியை வைத்தே எண்ணிப் பார்ப்போம். கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஏ.ஜி.எம். நடத்தச் சொல்கிறது. ஆகக் கடைசி நாள் செப்டம்பர் 30, அந்த ஆண்டு அது செவ்வாய்க்கிழமை. செப்டம்பரின் கடைசி ஞாயிறு 28. ஆனால் 28ஐ எடுக்காமல் அதற்கு முந்தைய ஞாயிறான 21ஐ எடுப்பதே புத்திசாலித்தனம். காரணத்தை, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரம் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

கூட்டம் 21 என்றால் அந்த நாளை விட்டுவிட்டு 20இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 20, 19, 18 என்று போனால் பதினான்காவது நாளாக வருவது 7. ஆக, கடைசி உறுப்பினரின் கையில் நோட்டீஸ் சேர வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 6. அந்த 6ஆம் தேதி அனந்த சதுர்த்தசி, பிள்ளையார் விசர்ஜன நாள். மும்பையில் அன்று எந்த வீட்டுக் கதவைத் தட்டி யாரிடம் கையெழுத்து வாங்குவது? கணக்குப்படி சரியாக வரும் கடைசி நாளை நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். செப்டம்பரில் கூட்டம் வைத்தால் நோட்டீஸ் கொடுக்கும் நாட்கள் பெரும்பாலும் கணபதியோடு மோதும். ஆகஸ்ட் 24 ஞாயிறு கமிட்டி கூடித் தேதி, நேரம், இடம், அஜெண்டா எல்லாவற்றையும் தீர்மானமாகப் பதிவு செய்து, 30, 31 இரண்டு நாளில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டால், பூட்டிக் கிடந்த நாலைந்து வீடுகளுக்கு இன்னொரு முறை போய்வர ஐந்தாறு நாள் மிச்சம் இருக்கும்.

கமிட்டித் தீர்மானம் என்று சொன்னதை விட்டுவிடாதீர்கள். பொதுக்கூட்டத்தின் தேதியையும் அஜெண்டாவையும் முடிவு செய்வது கமிட்டி. அதன்படி நோட்டீஸ் அனுப்புவதுதான் செக்ரட்டரியின் வேலை. செக்ரட்டரி அனுப்பத் தவறினால் சேர்மன் அனுப்பலாம். சேர்மனும் செக்ரட்டரியும் போனில் பேசிக்கொண்டு அனுப்பிய நோட்டீஸுக்குப் பின்னால் கமிட்டி மினிட்ஸ் இல்லை என்றால், எதிர்ப்பவர் முதலில் கேட்பது அந்த மினிட்ஸைத்தான்.

எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருவோம். கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் மறுக்க முடியாத வழி. ஒரு பதிவேட்டில் வீட்டு எண், உறுப்பினர் பெயர், பெற்றவர் கையெழுத்து, தேதி என்று நான்கு கட்டம் போதும். பெற்றவர் வேறு ஆளாக இருந்தால் அவர் பெயரையும் உறவையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டு வெளியூரில் இருப்பவருக்கு, சங்கத்தில் அவர் கொடுத்திருக்கும் முகவரிக்குப் ஸ்பீட் போஸ்டிலோ கையெழுத்து வாங்கித் தரும் வேறு தபாலிலோ அனுப்புங்கள். தபாலில் போகும் நாட்களைக் கணக்கில் சேர்த்து ஒரு வாரம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் என்றால் உறுப்பினர் சங்கத்திடம் எழுத்தில் பதிந்த மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும். குடியிருக்கும் வாடகைதாரரிடம் கொடுத்ததை உறுப்பினருக்குக் கொடுத்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. போர்டில் ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். இரண்டும் நினைவூட்டலுக்கு நல்லது, நோட்டீஸுக்கு மாற்று அல்ல. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அவர் ஓட்டுப் போடலாமா என்பது தனிக் கேள்வி, அவர் உறுப்பினர் என்பதில் மாற்றம் இல்லை. 'பாக்கிக்காரருக்கு நோட்டீஸ் கிடையாது' என்று ஒரு சங்கம் முடிவெடுத்தால், அந்தக் கூட்டத்தை எதிர்க்க அவருக்கு வக்கீல் தேட வேண்டிய அவசியம்கூட இருக்காது.

நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி கீழே. பதிவாளர் அலுவலகத்தில் காட்ட வேண்டி வரலாம் என்பதால் நீங்கள் அச்சிடுவது மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். உள்ளடக்கம் இதுதான். தொகைகளும் பெயர்களும் உதாரணம்.

-----

............ கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்
பதிவு எண்: ............ முகவரி: ............

28 ஆகஸ்ட் 2025

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு

சங்கத்தின் அனைத்து உறுப்பினர்களுக்கும்:

2024-25ஆம் ஆண்டுக்கான ஆண்டுப் பொதுக்கூட்டம் 21 செப்டம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்குச் சங்க வளாகத்தின் தரைத்தள அறையில் கீழ்க்கண்ட பொருள்களைப் பரிசீலித்து முடிவெடுப்பதற்காக நடைபெறும் என, 24 ஆகஸ்ட் 2025 அன்று நடந்த நிர்வாகக் கமிட்டிக் கூட்டத் தீர்மானத்தின்படி, பைலா கோரும் 14 முழு நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்பாக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.

பொருள் நிரல்

1. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும், அதன்பின் நடந்த சிறப்புப் பொதுக்கூட்டத்தின் குறிப்பையும் வாசித்தல், அவற்றின்மீது எடுத்த நடவடிக்கையைக் குறித்துக்கொள்ளுதல்.

2. 2024-25ஆம் ஆண்டுக்கான கமிட்டியின் ஆண்டறிக்கை, 31 மார்ச் 2025 வரையிலான வரவு செலவுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றைப் பெற்று ஏற்றல்.

3. 2024-25க்கான தணிக்கை அறிக்கையையும், அதிலுள்ள ஆட்சேபங்களுக்குக் கமிட்டி தயாரித்த நிவர்த்தி அறிக்கையையும் பரிசீலித்தல்.

4. 2025-26ஆம் ஆண்டுக்கு அரசு அங்கீகரித்த பட்டியலிலிருந்து தணிக்கையாளராக திரு/திருமதி ............ அவர்களை நியமித்து, ஊதியம் ரூ. 12,000 என நிர்ணயித்தல்.

5. 2025-26க்கான வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரித்தல்.

6. 1 அக்டோபர் 2025 முதல் சேவைக் கட்டணத்தை வீட்டுக்கு மாதம் ரூ. 1,800இலிருந்து ரூ. 2,200ஆக உயர்த்துதல்.

7. இணைப்பில் உள்ள மூன்று விலைப்புள்ளிகளைப் பரிசீலித்து, மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலைக்கு ரூ. 4,50,000க்கு மேற்படாமல் செலவு செய்யவும், அதைப் பழுதுபார்ப்பு நிதியிலிருந்து எடுக்கவும் அனுமதித்தல்.

8. முன்னறிவிப்புத் தேவைப்படாத வேறு பொருள்கள், தலைவரின் அனுமதியுடன்.

குறிப்பு: கூட்டம் தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு அதே நாள், அதே இடத்தில், காலை 11.15 மணிக்கு நடைபெறும். அந்த ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை. மேற்கண்ட பொருள்கள் மட்டுமே அதில் எடுத்துக்கொள்ளப்படும்.

கணக்குகள் பற்றி விளக்கம் வேண்டுவோர் 14 செப்டம்பர் 2025க்குள் எழுத்தில் தந்தால் விவரங்களைத் தயாராக வைக்க உதவியாக இருக்கும்.

கமிட்டியின் உத்தரவுப்படி,
(கையெழுத்து)
செக்ரட்டரி

இணைப்பு: ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, தணிக்கை அறிக்கை, நிவர்த்தி அறிக்கை, வரவு செலவுத் திட்டம், விலைப்புள்ளி ஒப்பீடு

-----

இதில் சில வரிகளுக்கு விளக்கம் தேவை.

கோரம் பற்றிய குறிப்பை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடுவார்கள். பைலாப்படி கோரம் என்பது மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், எது குறைவோ அது. உங்கள் 36இல் மூன்றில் இரண்டு 24, ஆகவே 20 போதும். 24 வீடுகள் உள்ள பக்கத்துச் சொசைட்டிக்கு 16. தலைகளை எண்ணும்போது வீட்டையும் பாருங்கள்: ஒரே வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்தால் கோரத்துக்கு ஒன்றுதான். முதல் பெயர்காரர் வராத நிலையில் இணை உறுப்பினர் கலந்துகொள்ளலாம். பவர் ஆஃப் அட்டர்னி, அதிகாரக் கடிதம் எதை வைத்துக்கொண்டும் வேறொருவர் உறுப்பினருக்குப் பதிலாக உட்கார முடியாது.

ஞாயிறு காலை 10.30க்கு 20 பேர் வருவது அபூர்வம் என்பது எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேரம் பார்த்தும் சேராவிட்டால் கூட்டத்தை அதே நாளில் பின்னொரு நேரத்துக்கு ஒத்திவைக்கலாம். ஆனால் அந்த நேரம் நோட்டீஸிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் ஏழு நாட்களுக்குக் குறையாத, முப்பது நாட்களுக்கு மேற்படாத வேறொரு தேதிக்குத்தான் போக வேண்டும். அந்த ஒரு வரியை விட்ட சங்கம் 11 மணிக்குப் பன்னிரண்டு பேரோடு கூட்டத்தை நடத்தித் தீர்மானம் போட்டால் அது கோரமில்லாக் கூட்டத்தின் தீர்மானம், நிற்காது. செப்டம்பர் 21ஐ எடுங்கள் என்று சொன்னதும் இதற்குத்தான். அன்று நடக்காமல் ஒரு வாரம் தள்ளினாலும் 28ஆம் தேதி, சட்டக் கெடுவுக்குள் இருப்பீர்கள். முதலிலேயே 28 என்று வைத்துவிட்டால் ஏழு நாள் தள்ளும்போது அக்டோபரில் விழும். கெடு தாண்டினால் பொறுப்பான நிர்வாகிகளை ஐந்து ஆண்டுகள் வரை கமிட்டிப் பதவிக்குத் தகுதியற்றவர்களாக அறிவிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் இருக்கிறது. இதை மனதில் வைத்து நாள் பாருங்கள்.

மூன்றாவது பொருளுக்கு ஆடிட் முடிந்திருக்க வேண்டும். ஆண்டு முடிந்து நான்கு மாதத்துக்குள், அதாவது ஜூலை 31க்குள், தணிக்கை முடிய வேண்டும் என்பது சட்டம். ஆகஸ்ட் 24 அன்று கமிட்டி கூடும்போது ஆடிட்டர் இன்னும் அறிக்கை தரவில்லை என்றால் ஏ.ஜி.எம். தேதியைத் தள்ளாதீர்கள். ஆடிட்டரை நச்சரியுங்கள். தணிக்கை ஆகாத கணக்கை இணைத்துவிட்டு அதைத் 'தணிக்கை செய்த கணக்கு' என்று நோட்டீஸில் எழுதுவது பொய் ஆவணம், அந்த வழியில் போகவே வேண்டாம். நிவர்த்தி அறிக்கையையும் பலர் மறக்கிறார்கள். கூட்டுறவுச் சங்க விதிகளில் 'ஓ' படிவம் என்று இருப்பது அதுதான். ஆடிட்டர் எழுப்பிய ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எதிரே என்ன செய்தோம் என்று எழுதுவது. சென்ற ஆண்டின் ஆட்சேபம் இந்த ஆண்டும் அதே வாசகத்தில் திரும்பி வந்தால் கூட்டத்தில் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.

தணிக்கையாளர் நியமனத்தில் பெயரும் தொகையும் அஜெண்டாவிலேயே இருக்கட்டும். ஒரே ஆளை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து நியமிக்கக் கூடாது, ஆகவே பழைய மினிட்ஸைப் புரட்டி அவருக்கு இது எத்தனையாவது ஆண்டு என்று பாருங்கள். அவருடைய எழுத்துமூலமான சம்மதத்தை முன்பே வாங்கி வையுங்கள். கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் நியமன விவரத்தோடு அதையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. 'ஆடிட்டர் நியமனம் கமிட்டியின் முடிவுக்கு விடப்படுகிறது' என்ற தீர்மானம் பல மினிட்ஸ்களில் காணக் கிடைக்கும். அந்த அதிகாரம் பொதுக்கூட்டத்துடையது.

ஆறும் ஏழும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 'பராமரிப்புக் கட்டணம் பற்றி விவாதித்தல்' என்று எழுதினால், சும்மா பேசுவார்கள் என்று நினைத்து உறுப்பினர் வீட்டில் இருந்துவிடுவார். 1,800 இனி 2,200 என்று பார்த்தால் வருவார், அல்லது வராமலிருக்கத் தெரிந்தே முடிவெடுப்பார். பின்னால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல இடம் இருக்காது. எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, எந்த நிதியிலிருந்து என்ற மூன்றும் பொருளிலேயே வந்துவிட வேண்டும். கூட்டம் விரும்பினால் 2,200ஐ 2,000 ஆக்கலாம், 4,50,000ஐக் குறைக்கலாம். அறிவித்த தொகைக்கு மேல் உயர்த்தினால் நோட்டீஸில் இல்லாத சுமையை வராதவர்மேல் ஏற்றியதாகும். சேவைக் கட்டணம் வீட்டின் அளவு பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிவது என்பதால் அதை 'வீட்டுக்கு' என்றே எழுதுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதும் பழக்கம் மும்பையில் பல சங்கங்களில் இருக்கிறது, வழக்கும் அங்கேதான் பிறக்கிறது.

எட்டாவது பொருள்தான் எல்லாச் சண்டைக்கும் வாசல். கடைசியில் யாரோ ஒருவர் எழுந்து, பார்க்கிங் இடங்களை மறுபடி குலுக்கல் போடலாம் என்பார். அறையில் இருக்கும் பதினைந்து பேரும் கை தூக்குவார்கள். வராத இருபத்தொரு பேருக்கு அப்படி ஒரு பொருள் வருவதே தெரியாது. இந்தத் தலைப்பில் கேட்கலாம், யோசனை சொல்லலாம், கமிட்டியைப் பரிசீலிக்கச் சொல்லலாம். பணம், உரிமை, விதி மூன்றில் எதைத் தொட்டாலும் முடிவெடுக்கக் கூடாது. மினிட்ஸில் 'உறுப்பினரின் யோசனை கமிட்டியின் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதி, அடுத்த பொதுக்கூட்டத்தில் முறையாக நோட்டீஸ் கொடுத்துக் கொண்டு வாருங்கள். நோட்டீஸ் போன பிறகு ஒரு பொருளைச் சேர்க்க வேண்டி வந்தாலும் இதே கதைதான். செப்டம்பர் 6க்குள் துணை அஜெண்டா எல்லார் கைக்கும் சேர முடிந்தால் சேர்க்கலாம், முடியாவிட்டால் பிறகு ஒரு சிறப்புக் கூட்டம்.

அஜெண்டா தயாரிக்கும்போது கடந்த ஆறு மாத மினிட்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொதுக்கூட்டம் போட்ட தீர்மானத்தை, அது போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் ஆகாமல் ரத்து செய்யும் தீர்மானம் கொண்டுவர முடியாது. ஜூன் மாதச் சிறப்புக் கூட்டத்தில் தோற்றவர்கள் செப்டம்பர் ஏ.ஜி.எம்.மில் அதைத் திருப்பிப் போடச் சொன்னால், பைலாவைக் காட்டி மறுத்துவிடலாம்.

பைலா திருத்தம் இருந்தால் அதைத் தனிப் பொருளாக வைத்து, இப்போதுள்ள வாசகத்தையும் முன்மொழியும் வாசகத்தையும் பக்கம் பக்கமாக அச்சிட்டு இணையுங்கள். அதற்கும் 14 முழு நாட்கள் வேண்டும். வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும், அதன் பிறகும் பதிவாளர் பதிவு செய்த நாளிலிருந்துதான் அமல். கட்டிட மறுசீரமைப்பு விஷயம் எதையும் ஏ.ஜி.எம். அஜெண்டாவில் நுழைக்காதீர்கள். அதற்கு மாநில அரசின் தனி உத்தரவும் தனிக் கோரமும் தனி நடைமுறையும் உண்டு. கமிட்டித் தேர்தலும் அப்படியே. தேர்தல் முன்பே முடிந்திருந்தால் முடிவை அறிவிக்கும் ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டத்திலேயே கை தூக்கிக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நோட்டீஸில் எழுதக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் பதிவேடு, தபால் ரசீதுகள், மின்னஞ்சல் அனுப்பிய பட்டியலின் அச்சுப் பிரதி, போர்டில் ஒட்டிய நோட்டீஸின் தேதி தெரியும் படம் ஆகிய நான்கையும் அந்த ஆண்டின் மினிட்ஸ் கோப்பிலேயே வையுங்கள். துணைப் பதிவாளரிடமோ கூட்டுறவு நீதிமன்றத்திலோ புகார் போனால் அது வருவது பெரும்பாலும் செக்ரட்டரி மாறிய பிறகுதான், அப்போது புதியவர் தேடப்போவது இந்தக் கோப்பைத்தான்.